பாதியில் நின்ற தும்மல்

கேள்வி: நண்பன் கல்யாணத்தில் அறிமுகமான பெண்ணோடு மூன்று வாரமாக வாட்ஸ்அப்பில் பேசுகிறேன். ஆசையாக 'செம்புலப் பெயல்நீர் போல' என்று அனுப்பினேன். 'எக்ஸாமுக்குப் படிக்கிறீங்களா?' என்று கேட்டுவிட்டாள். சங்கப் பாட்டு, குறள் எல்லாம் சாட்டுக்குச் சரிவராதா?

பதில்: சரிவரும். நீங்கள் எடுத்த பாட்டுதான் கனமானது. குறுந்தொகையில் அது, கூடிய பிறகு 'இவன் பிரிந்துவிடுவானோ' என்று அஞ்சும் பெண்ணுக்குத் தலைவன் சொல்லும் உறுதிமொழி. மூன்று வாரப் பழக்கம் அதைத் தாங்காது. போதாததற்கு, பாதிக் கல்யாணப் பத்திரிகைகளில் அந்த வரி ஏறிவிட்டது.

சொல்லை அப்படியே எடுக்காதீர்கள். பாட்டில் நடக்கும் சின்னச் செயலை மட்டும் எடுத்து, நீங்கள் பேசும் தமிழில் சொல்லுங்கள். காமத்துப்பாலில் இதற்கென்றே ஒரு தும்மல் இருக்கிறது. 'நினைப்பவர் போன்று நினையார்கொல் தும்மல் சினைப்பது போன்று கெடும்' என்பது 1203ஆம் குறள். தும்மல் வருவதுபோல் வந்து நின்றுவிடுகிறது; அவர் என்னை நினைக்கப்போய், நினைக்காமல் விட்டுவிட்டாரோ என்று கேட்கிறாள் தலைவி. புரையேறினால் 'யாரோ நினைக்கிறாங்க' என்று இன்றும் நம் வீடுகளில் சொல்வதால், இதற்கு உரை தேவைப்படாது.

அந்த அதிகாரம் பிரிவுத் துயரம் பேசுவது. துயரத்தை அங்கேயே விட்டுவிட்டு, தும்மலை மட்டும் கொண்டுவாருங்கள்:

'இப்பதான் ஒரு தும்மல் வர்ற மாதிரி வந்து நின்னுபோச்சு. பாதியில ஏங்க நிறுத்துனீங்க?'

எதை நிறுத்தினாள் என்று நீங்கள் சொல்லவில்லை பாருங்கள், சுவையே அங்கேதான். 'என்னை நினைப்பதை' என்று சேர்த்தால் செத்துப்போகும். அடியில் குறள் எண் போட்டால் மறுபடி எக்ஸாம்தான். அவளாகக் கேட்டால் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். தும்மல் நிஜமாகவே நின்றுபோன நாளில் அனுப்பினால் இன்னும் நல்லது. ஜோடித்தது எப்படியோ தெரிந்துவிடும்.

அவள் 'நான் எதை நிறுத்துனேன்?' என்றாலோ, 'வேற யாராவது நினைச்சிருப்பாங்க' என்றாலோ ஆட்டத்துக்கு வந்துவிட்டாள். இரண்டாவது பதிலை வள்ளுவரே எழுதிவைத்திருக்கிறார். 1317இல் கணவன் தும்ம, முதலில் வாழ்த்தியவள் உடனே 'யார் நினைத்துத் தும்மினீர்?' என்று அழுகிறாள். அடுத்த குறளில் பாவம், அவன் தும்மலை அடக்குகிறான். 'உம்மவர் நினைப்பதை என்னிடம் மறைக்கிறீரா?' என்று அதற்கும் அழுகிறாள். ஆக, உங்கள் அடுத்த வரி தயார்: 'தும்முனாலும் திட்டு, அடக்குனாலும் திட்டு. நான் என்னதாங்க பண்றது?'

'ஜலதோஷமா? ஆவி பிடிங்க' என்று வந்தால் விளக்கம் கொடுக்காதீர்கள். பிடித்துவிட்டு, பேச்சை மாற்றுங்கள். வெறும் கட்டைவிரல் மட்டும் வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். அடுத்த நாளும் தும்மாதீர்கள்.