சுத்தமான படமே இல்லாதபோது இரைச்சலை நீக்குவது: கேள்வி பதில்

ஆய்வு மாணவி, தரமணி: உயிருள்ள செல்களை ஒளிர்வு நுண்ணோக்கியில் படம் எடுக்கிறேன். ஒளியைக் கூட்டினால் செல் செத்துப்போகிறது, குறைத்தால் படம் முழுக்கப் புள்ளி. மாதிரிக்குக் காட்ட ஒரு நல்ல படம்கூட இல்லாமல், இந்த இரைச்சலை நீக்கும் நியூரல் நெட்வொர்க் எதைப் பார்த்துக் கற்கும், ஐயா?

உங்களிடம் இருக்கும் அந்தப் புள்ளி விழுந்த படங்களையே பார்த்துக் கற்கும். படத்திலிருந்து 64×64 பிக்சல் அளவில் ஒரு துண்டை எடுத்து, அதில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பிக்சல்களை மட்டும் அழித்து, அந்த இடங்களில் அருகிலுள்ள வேறு ஏதாவது பிக்சலின் மதிப்பை வைத்துவிடுகிறோம். அழிந்த மதிப்பு என்னவாக இருந்தது என்பதை நெட்வொர்க் சுற்றியிருப்பவற்றிலிருந்து ஊகிக்க வேண்டும். பிழையின் வர்க்கத்தையும் அந்த இடங்களில் மட்டுமே கணக்கிடுகிறோம். செல்லின் விளிம்பு பல பிக்சல்களுக்குத் தொடர்ந்து ஓடுவதால் அதை ஊகிக்க முடிகிறது. இரைச்சலோ ஒவ்வொரு பிக்சலிலும் தன்போக்கில் விழுவதால், அதைப் பற்றி அக்கம்பக்கத்துப் பிக்சல்களுக்கு ஒன்றும் தெரியாது. ஊகிக்கவே முடியாத ஒன்றுக்கு அதன் சராசரியைச் சொல்வதே பிழையைக் குறைக்கும் வழி. இரைச்சலின் சராசரி பூஜ்ஜியம் என்றால் மிஞ்சுவது உண்மையான ஒளி மதிப்புதான். அலெக்சாண்டர் க்ருல் குழுவினர் இதை நாய்ஸ்2வாய்ட் என்ற பெயரில் 2019இல் வெளியிட்டார்கள். அதே ஆண்டில் பேட்சனும் ரோயரும் இதே கருத்தை நாய்ஸ்2செல்ஃப் என்ற பெயரில் பொதுவான வடிவில் நிறுவினார்கள்.

மென்பொருள் பொறியாளர், சோழிங்கநல்லூர்: இது மீடியன் ஃபில்டர் செய்கிற வேலைதானே? அதைவிட ஒரே இடத்தை நூறு முறை எடுத்துச் சராசரி போட்டால் தீர்ந்தது.

இரண்டாவது பாதி சரி. பொருள் அசையாமல் இருந்தால் நூறு படங்களின் சராசரி இரைச்சலைப் பத்தில் ஒரு பங்காக்கும், அப்போது நெட்வொர்க்கே தேவையில்லை. மேலே கேட்டவரின் செல் நூறு படம் முடிவதற்குள் நகர்ந்துவிடும், சாயமும் மங்கிவிடும் என்பதுதான் சிக்கல். அசையாத பொருளின் இரண்டு படங்கள் கிடைத்தாலே ஒன்றைக் கொடுத்து மற்றதை ஊகிக்கச் சொல்லிப் பழக்கலாம் என்று 2018இல் நாய்ஸ்2நாய்ஸ் காட்டியது. மீடியன் ஃபில்டர் எல்லா இடத்திலும் அக்கம்பக்கத்தின் நடு மதிப்பை வை என்ற ஒரே விதியைத்தான் போடும். நெட்வொர்க் உங்கள் படத்தொகுப்பில் இழைகள் எப்படி ஓடுகின்றன, எங்கே முடிகின்றன என்பதைக் கற்றுக்கொண்டு, மீடியன் கரைத்துவிடும் மெல்லிய இழையையும் தக்கவைக்கும்.

ஆய்வு மாணவி, தரமணி: மீண்டும் நான்தான். பயிற்சியில் லாஸ், அதாவது பிழை வர்க்கத்தின் சராசரி, 430க்குக் கீழே இறங்க மறுக்கிறது. நெட்வொர்க் கற்கவில்லை என்று அர்த்தமா?

இல்லை, அது நல்ல செய்தியாகக்கூட இருக்கலாம். இரைச்சல் விழுந்த மதிப்போடுதானே ஒப்பிடுகிறீர்கள்? எனவே லாஸில் இரண்டு பகுதிகள் சேர்ந்திருக்கும்: நெட்வொர்க் உண்மை மதிப்பிலிருந்து விலகியதன் வர்க்கம் ஒன்று, இரைச்சலின் திட்ட விலக்கத்தின் வர்க்கம் இன்னொன்று. இரண்டாவது பகுதியை எவ்வளவு பழக்கினாலும் குறைக்க முடியாது.

அது எவ்வளவு என்பதை நீங்களே அளக்கலாம். அசைவற்ற, பதப்படுத்திய செல் மாதிரி ஒன்றை, வழக்கமாக வைக்கும் அதே குறைந்த ஒளியில் அடுத்தடுத்து இருமுறை எடுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழியுங்கள். செல் கழிந்துபோய் இரைச்சல் மட்டும் மிஞ்சும். அந்த வேறுபாட்டின் திட்ட விலக்கம் 28.3 என்றால், √2ஆல் வகுக்க ஒரு படத்தின் இரைச்சல் 20. அதன் வர்க்கம் 400. லாஸ் 430 என்றால் உண்மைப் பிழைக்கு மிஞ்சுவது 30, அதாவது பிக்சலுக்கு ஏறத்தாழ 5.5. இருபதாக இருந்த இரைச்சல் ஐந்தரைக்கு வந்திருக்கிறது. ஒன்றைக் கவனியுங்கள்: பல நிரல்கள் பயிற்சிக்கு முன்பே படத்தைத் திட்ட விலக்கத்தால் வகுத்துவிடும், ஆகவே லாஸை மூல அளவுக்கு மாற்றிவிட்டு ஒப்பிட வேண்டும்.

அஞ்ச வேண்டியது லாஸ் 400க்குக் கீழே, உதாரணமாக 340க்கு, இறங்கும்போதுதான். பயிற்சியில் சேராத படங்களிலும் அப்படி இறங்கினால், அக்கம்பக்கத்துப் பிக்சல்கள் இரைச்சலையே காட்டிக்கொடுக்கின்றன, நெட்வொர்க் அதையும் படமென்று எடுத்துக்கொள்கிறது என்று பொருள். கழித்து வந்த வேறுபாட்டிலேயே இதைச் சோதிக்கலாம்; அந்த இரண்டு படங்களும் a, b என்ற NumPy அணிகள்:

```python
d = a.astype(float) - b
d -= d.mean()
v = (d**2).mean()
print((d[:, :-1] * d[:, 1:]).mean() / v)
print((d[:-1, :] * d[1:, :]).mean() / v)
```

முதல் எண் கிடைவரிசையிலும் இரண்டாவது செங்குத்தாகவும் அடுத்தடுத்த பிக்சல்களின் ஒட்டுறவைத் தரும். இரண்டும் பூஜ்ஜியத்தை ஒட்டியிருந்தால் இந்த முறையை நம்பலாம். நான் 0.1 என்ற எல்லையை வைத்திருக்கிறேன். எப்போதும் ஒரே இடத்தில் பளிச்சிடும் கெட்ட பிக்சல்கள் கழித்தலில் மறைந்துவிடும் என்பதால், அவற்றை இச்சோதனை பிடிக்காது. மூடி போட்டு ஓர் இருட்டுப் படம் எடுத்துத் தனியாகப் பார்க்க வேண்டும்.

நுண்ணோக்கிக் கூடப் பொறுப்பாளர், கிண்டி: 0.1 என்பதை ஏற்க மாட்டேன். எங்கள் ஸ்கேனிங் கருவியில் கிடைவரிசை 0.15 காட்டுகிறது, படம் நன்றாகத்தான் வருகிறது.

கண்ணுக்கு நன்றாக இருப்பதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லத் தயங்குவேன். ஸ்கேனிங் கருவியில் எழும் கிடைக்கோடுகளை நெட்வொர்க் பல சமயம் நீக்காமல் துலக்கிவிடும். சுற்றியிருந்த புள்ளிகள் போனதால் கோடு இழைபோலத் தெரியும், அதையே உயிரியல் அமைப்பென்று எண்ணிவிடுவோம். செல்லே இல்லாத வெற்றிடத்தை எடுத்து நெட்வொர்க்கில் கொடுத்துப் பாருங்கள். அங்கும் கோடு வந்தால் அது கருவியுடையது. வந்தால், 2020இல் வெளியான மாற்று வடிவம் ஒன்றில் செய்வதுபோல, ஒரு பிக்சலோடு அதன் இடப்பக்கமும் வலப்பக்கமும் உள்ள சிலவற்றையும் சேர்த்து மறைக்கலாம். கோடு அடங்கும், ஆனால் கிடைவாக்கில் ஓடும் உண்மையான மெல்லிய இழைகளும் சற்றே மங்கும். உங்கள் மாதிரியில் 0.15 தாங்குமா என்பதை வெற்றிடச் சோதனைதான் சொல்ல வேண்டும். எனது எல்லை பழக்கத்தால் வந்தது, நிரூபணத்தால் அல்ல.

ஓய்வுபெற்ற ஆசிரியர், மயிலாப்பூர்: எங்கள் அப்பா அம்மாவின் கல்யாணப் படத்தை ஸ்கேன் செய்து வாட்ஸ்அப்பில் வைத்திருக்கிறேன். கீறல்களையும் போக்கித் தருமா?

கீறலைப் போக்காது, ஐயா. கீறல் பல பிக்சல்களுக்கு நீளும், ஆகையால் நெட்வொர்க் அதையும் படத்தின் பகுதியாகவே கற்கும். அதற்குக் கையால் திருத்துவதே நல்லது. புள்ளிகளுக்கும் அந்தப் பிரதி உதவாது. படச்சுருளின் துகள் பல பிக்சல்களுக்குப் பரவியிருக்கும், அதன்மேல் ஜேபெக் சுருக்கம் 8×8 கட்டங்களாகப் பிக்சல்களைப் பிணைத்துவிடுகிறது. மூல ஸ்கேன் சுருக்கப்படாமல் இருந்தால், அதை நீள அகலத்தில் பாதியாகக் குறைத்து முயலலாம். பக்கத்துப் பிக்சல்களின் பிணைப்பு அப்போது தளரும்.

வானியல் ஆர்வலர், அண்ணா நகர்: மங்கலான நட்சத்திரங்கள் காணாமல் போகின்றனவே?

ஒற்றைப் பிக்சலில் அடங்கும் நட்சத்திரத்துக்கும் இரைச்சலுக்கும் இம்முறைக்கு வேறுபாடு தெரியாது. அக்கம்பக்கம் எதையும் சொல்லாததால் அழித்துவிடும். நட்சத்திரம் மூன்று நான்கு பிக்சல்களுக்குப் பரவும்படி எடுத்தால் பெரும்பாலும் பிழைக்கும். மறைத்த பிக்சலின் சொந்த மதிப்பையும், இரைச்சலின் தன்மை தெரிந்திருந்தால், கடைசியில் கணக்கில் சேர்க்கும் முறைகள் உண்டு. ஆனாலும் வானில் அடுக்கிச் சராசரி எடுக்க வழி இருக்கும்போது அதையே செய்யுங்கள்.

ஆய்வு மாணவி, தரமணி: கடைசியாக ஒன்று. வெளியீட்டில் செல்லின் பிரகாசத்தை அளந்து கட்டுரையில் போடலாமா?

செல்லின் எல்லையை வரைய வெளியீட்டைப் பயன்படுத்துங்கள்; அந்த எல்லைக்குள் பிரகாசத்தை மூலப் படத்திலேயே கூட்டுங்கள். ஆயிரம் பிக்சல்களைக் கூட்டும்போது இரைச்சல் தானே அடங்கிவிடும், நெட்வொர்க்கின் ஊகம் எண்ணில் கலக்காது. கேமராவின் இருட்டு மதிப்பை முதலில் கழித்துவிடுங்கள். கழித்தபின் எதிர்மறையாகும் பிக்சல்களைப் பூஜ்ஜியமாக்கிவிட வேண்டாம், ஆக்கினால் இரைச்சலின் சராசரி மேலே நகர்ந்து, பயிற்சியும் அளவும் சேர்ந்தே கெடும்.