ஏசி யூனிட் 4 வாரம் தாமதம்: மீதி வேலையை மாற்றிப் போடுவது எப்படி?

கேள்வி: கிண்டியில் ஆபீஸ் இன்டீரியர் வேலை. விஆர்எஃப் ஏசியின் இன்டோர் யூனிட்டுகள் 4 வாரம் தள்ளிப்போச்சு. அவுட்டோர் வந்தாச்சு. கிளையண்ட்கிட்ட என்ன சொல்றது?

பதில்: முதலில் சப்ளையரிடம் புதிய தேதியை எழுத்தில் வாங்குங்கள். பிறகு எல்லா வேலையையும் 4 வாரம் தள்ளிவிடாதீர்கள். பார்ட்டிஷன், தரை, வயரிங் எதுவும் யூனிட்டுக்காகக் காத்திருக்கவில்லை. யூனிட்டை மாட்டி, டிரெயின் பைப்பில் தண்ணீர் ஊற்றிக் கசிவு பார்க்காமல் ஃபால்ஸ் சீலிங்கை மூட முடியாது, அவ்வளவுதான். அந்த வேலைக்கு முன் 1 வாரம் இடைவெளி இருந்தால் ஒப்படைப்பு 3 வாரம்தான் தள்ளும்.

கிளையண்டிடம் இரண்டு வழி வையுங்கள். ஒன்று, காத்திருப்பது: 3 வாரத் தாமதம், ஆனால் சீலிங் ஒரே மூச்சில் முடியும். இன்னொன்று, யூனிட் வரும் இடங்களை மட்டும் திறந்துவிட்டு மற்றதை முடிப்பது: தாமதம் நன்றாகக் குறையும், ஆனால் ஜிப்சம் ஒட்டுகளுக்கும் பெயின்ட் டச்சப்புக்கும் தனிச் செலவு. கிளையண்ட் பழைய ஆபீசுக்கும் வாடகை கட்டுகிறார் என்றால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

வேறு பிராண்ட் இன்டோரை மூன்றாவது வழியாகச் சேர்க்காதீர்கள், வந்திறங்கிய அவுட்டோரோடு அது சேராது. முடிவுக்குக் கடைசித் தேதியும் குறிப்பிடுங்கள். சீலிங் ஆட்கள் அடுத்த சைட்டுக்குப் போய்விட்டால் இரண்டாவது வழியே இல்லை.