தாது வருஷப் பஞ்சப் படம்: எதை நம்பலாம்?

"எங்கள் ஊர் வரலாற்றை எழுதுகிறேன். தாது வருஷப் பஞ்சத்துக்கு ஒரு படம் கிடைத்தது. எலும்பும் தோலுமாக ஒரு குடும்பம். ஓர் இணையதளம் 1877 சென்னை என்கிறது, இன்னொன்று 1943 வங்காளம் என்கிறது. புத்தகத்தில் போடலாமா?"

நீங்கள் சொல்லும் சாயலில் இருக்கும் படங்களில் பல வில்லோபி வாலஸ் ஹூப்பர் எடுத்தவை. சென்னை குதிரைப்படையில் அதிகாரியாக இருந்தவர், தாது வருஷப் பஞ்சம் என்று நாம் சொல்லும் 1876–78 பஞ்சத்தைப் படம் பிடித்தவர். உங்கள் படமும் அவருடையதுதானா என்பதை சாதாரண இணையத் தேடலில் தீர்க்க முடியாது. லண்டனில் உள்ள வெல்கம் கலெக்‌ஷன் அருங்காட்சியகம், பிரிட்டிஷ் நூலகம் போன்ற இடங்களின் பட்டியலில் அதே படத்தின் பழைய அச்சைத் தேடுங்கள். கிடைத்தால் முதலில் தலைப்பைப் பாருங்கள். சதுர அடைப்புக்குறிக்குள் இருந்தால், அது பொதுவாகப் பட்டியல் போட்டவர் பிற்பாடு வைத்த பெயர். படம் ஒட்டிய அட்டையில் எழுதியிருப்பதும் எடுத்தவர் கையெழுத்துதான் என்று நினைத்துவிட வேண்டாம். ஆல்பத்தை வாங்கியவர்கூட எழுதியிருக்கலாம்.

அப்புறம் படத்துக்குள் போங்கள். அந்தக் காலத்துக் கண்ணாடித் தகட்டில் ஒரு படம் பதியச் சில விநாடிகள் ஆகும். அதுவரை அசையக் கூடாது. நிற்கவே தெம்பில்லாதவர்களை வரிசையாக உட்காரவைத்து, கேமராவைப் பார்க்கச் சொல்லி எடுத்திருக்கிறார்கள். ஆகவே அவர்களுடைய உடல் நிலை உண்மை, அமர்ந்திருக்கும் விதம் ஏற்பாடு. யார் யாருக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதை வைத்து 'குடும்பம்' என்று முடிவு கட்டாதீர்கள். நிவாரண முகாமில் இருந்த தொடர்பில்லாத ஆட்களைச் சேர்த்து உட்காரவைத்திருக்கவும் கூடும்.

தலைப்பிலும் ஒரு சங்கதி இருக்கிறது. ஹூப்பர் படம் ஒன்றின் பெயர் 'இலவச நிவாரணம் பெறத் தகுதியானவர்கள்' என்ற பொருளில் வரும். அது வெறும் பரிதாபச் சொல் அல்ல, அலுவலக வகைப்பாடு. உடம்பில் வலு இருந்தவர்கள் மண் வெட்டி, கல் உடைத்துக் கூலி வாங்க வேண்டும். முடியாதவர்களுக்குத்தான் இலவசக் கஞ்சி. அந்தக் கோட்டின் ஒரு பக்கத்தில் இருந்தவர்கள்தான் இந்தப் படத்தில் இருக்கிறார்கள். வேலைத்தளத்தில் கூலிக்கு நின்றவர், முகாமுக்கு வரும் வழியிலேயே விழுந்தவர், தானியத்தைப் பூட்டி வைத்த வியாபாரி யாரும் சட்டகத்துக்குள் இல்லை.

சரி, புத்தகத்தில் போடலாமா? போடலாம், ஆனால் உங்கள் ஊரின் படமாக அல்ல. ஊரில் என்ன நடந்தது என்பதற்கு மாவட்டக் கையேடு, 1871, 1881 கணக்கெடுப்புகளின் மக்கள்தொகை, பாட்டிமார் சொல்லும் பஞ்சக் கும்மி என்று வேறு இடங்களில்தான் தேட வேண்டும். பழைய அச்சு கிடைத்து, பட்டியலும் ஒத்துப்போனால் படத்துக்குக் கீழே இப்படி எழுதுங்கள்: "சென்னை மாகாணப் பஞ்சம், 1876–78. வி. வா. ஹூப்பர் எடுத்தது. உட்காரவைத்து எடுக்கப்பட்ட படம். இதில் இருப்பவர்களின் பெயரும் ஊரும் பதிவாகவில்லை." அச்சு கிடைக்காவிட்டால் ஆண்டையும் இடத்தையும் போடாதீர்கள்.