லீவு கொடுத்த முதலாளி நீட்டும் வவுச்சர்

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பாத்திரக் கடையில் ஏழு மாதமாக நாள் கூலி 600 ரூபாய்க்கு வேலை செய்கிறேன். தங்கை கல்யாணத்துக்காக வியாழன் முதல் திங்கள் வரை லீவு கேட்டேன். முதலாளி எல்லார் முன்னாலும் திட்டிவிட்டு, கடை மூடியிருக்கும் ஞாயிறையும் சேர்த்து ஐந்து நாள் கூலி கிடையாது, புதன் வரைக்குமான பணத்தை வவுச்சரில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போ என்றார். ஞாயிறுக்குப் பிடிக்கலாமா? வழக்குப் போடலாமா?

பதில்: திட்டியதற்கு வழக்கு இல்லை, அதை விட்டுவிடுங்கள். ஞாயிறுக்குப் பிடிக்கக் கூடாது என்பது உண்மைதான். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன் 11-ஆம் பிரிவின்படி வார விடுமுறை நாளுக்கு நாள் கூலிக்காரருக்கும் ஊதியம் உண்டு. அதற்கு வாரத்தில் ஆறு நாள் பணி வேண்டும் என்றாலும், அந்தக் கணக்கில் அனுமதி பெற்ற விடுப்பு நாட்களும் சேரும். இன்னும் சொல்லப்போனால், 25-ஆம் பிரிவு முதல் ஆண்டிலேயே பன்னிரண்டு நாள் வரை ஊதியத்துடன் தற்செயல் விடுப்பு தருவதால், மற்ற நான்கு நாள் பிடித்தத்தையும் கேள்வி கேட்க இடமிருக்கிறது. ஆனாலும் 3,000 ரூபாய்க்காக இப்போது சண்டை போடாதீர்கள். பிடித்தத்துக்கு ஒப்புக்கொண்டு கல்யாணத்துக்குப் போய் வாருங்கள்.

நீங்கள் ஒரு வரியில் கடந்துபோன அந்த வவுச்சர்தான் இதில் சட்டப்படி முக்கியமானது. ஒரே கடையில் ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை செய்தவரை, தக்க காரணமும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான ஊதியமோ இல்லாமல் நிறுத்தக் கூடாது என்கிறது 41-ஆம் பிரிவு. விசாரணை நடத்தி ஒழுங்கீனம் நிரூபிக்கப்பட்டால் மட்டுமே முன்னறிவிப்பு தேவையில்லை. ஏழு மாதம் முடித்த நீங்கள் இப்போதுதான் அந்தப் பாதுகாப்புக்குள் வந்திருக்கிறீர்கள். வவுச்சரில் 'கணக்குத் தீர்த்துப் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதியிருந்தால், நீங்களே விலகிப்போனதாகக் காட்ட அந்த ஒரு வரி போதும். திரும்பி வந்ததும் உங்களை அவர் விரட்டக்கூட வேண்டியதில்லை. 'புதிதாகச் சேர்ந்துகொள்' என்று அன்பாகச் சொன்னாலே ஆறு மாதக் கணக்கு மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கிவிடும்.

என்னிடம் வந்த ஒருவர், இரும்புக் கடையில் மூன்று ஆண்டு வேலை செய்தவர், காதுகுத்துக்காக நான்கு நாள் போனபோது இப்படித்தான் கையெழுத்துப் போட்டிருந்தார். அங்கே முதலாளி 'நான் நிறுத்தவே இல்லை, அவராகத்தான் கணக்கு முடித்துக்கொண்டு போனார்' என்று சொல்லி வவுச்சரை நீட்டினார். இவர் கையில் இருந்தது 'போய்ட்டு வா' என்ற வாய்ச்சொல் மட்டும். அதைக் கேட்ட சக பணியாளர்கள் அதே கடையில் பிழைப்பவர்கள் என்பதால் யாரும் சாட்சி சொல்ல வரவில்லை. ஒரு மாதக் கூலிக்குச் சமாதானம் செய்துகொள்ளச் சொன்னேன், செய்துகொண்டார்.

ஆகவே புதன்கிழமை வவுச்சரை வாங்கினால், கையெழுத்துக்கு மேலே உங்கள் கையாலேயே 'திங்கள் முதல் புதன் வரை மூன்று நாள் கூலி ரூ. 1,800 மட்டும், வியாழன் முதல் விடுப்பில் சென்று செவ்வாய் பணிக்கு வருவேன்' என்று தேதிகளோடு எழுதி, செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எழுத விடவில்லை என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். செய்த வேலைக்கான 1,800 ரூபாயைப் பிறகும் கேட்டு வாங்கலாம். அன்றைக்கே முதலாளிக்கு வாட்ஸ்அப்பில், 'நீங்கள் அனுமதித்தபடி' என்று தொடங்கி, போகும் தேதி, வரும் தேதி, கூலி பிடித்தத்துக்குச் சம்மதம் ஆகியவற்றை மரியாதையாக அனுப்பிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சை அதில் எடுக்க வேண்டாம். கூலி பிடித்தத்தைப் பற்றிய அந்த வரி உங்களுக்கே சாதகமானது, ஏனென்றால் வேலையை விட்டுப் போகிறவரிடம் யாரும் லீவுக்குக் கூலி பிடிப்பதில்லை.

பலர் சறுக்குவது கடைசி நாளில்தான். மறுவீட்டு விருந்து என்று ஒரு நாள் கூடினாலும், அனுமதித்த விடுப்பு திங்களோடு முடிந்துவிடும்; செவ்வாய் சொல்லாமல் வராத நாளாகிவிடும். கூடுதல் நாள் தேவைப்பட்டால் திங்கள் மாலைக்குள் கேட்டுப் பதில் வாங்குங்கள், பதில் வராவிட்டால் செவ்வாய் காலை கடை திறக்கும்போது அங்கே நில்லுங்கள்.

அப்படி நின்றும் உள்ளே விடவில்லை என்றால், வேலைக்கு வந்ததையும் மறுக்கப்பட்டதையும் அன்றே எழுதி, ஒப்புகை கிடைக்கும்படி அஞ்சலில் அனுப்புங்கள். நீக்க உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். வாய்மொழியாக நிறுத்தினாலும் அதே 30 நாளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு மாதக் கூலியும் ஞாயிறு பாக்கியும் தர முதலாளி முன்வந்தால் வாங்கிக்கொண்டு வேறு கடை பார்ப்பதே நல்லது. மீண்டும் சேர்த்துக்கொள்ள உத்தரவு வாங்கித் தரலாம்; நாலு பேர் வேலை செய்யும் கடையில், வழக்குப் போட்டவரை எதிரே வைத்துக்கொண்டு எந்த முதலாளியும் வெகுநாள் ஓட்டமாட்டார்.