பதினான்காம் கூற்றில் இறங்க முடியாது

கேள்வி: இருப்பது ஒரே பொருள்தான், நாமெல்லாம் அதில் எழும் அலைகள் மாதிரி என்று பதினேழாம் நூற்றாண்டு டச்சுத் தத்துவஞானி ஸ்பினோசா சொல்வது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால், நடப்பதெல்லாம் அவசியமாகவே நடக்கிறது என்று ஏன் கூடவே சேர்த்துச் சொல்கிறார்? முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டால் என்ன?

பதில்: விட முடியாது. அவர் அதைக் கூடவே சேர்த்துச் சொல்லவில்லை. முதலாவதன் வயிற்றுக்குள்ளேயே அது இருக்கிறது. 1677-இல், அவர் இறந்த வருடத்திலேயே வெளிவந்த ‘எதிக்ஸ்’ நூலின் முதல் பகுதியை எடுத்துப் பாருங்கள். அந்த ஒரே பொருளைத்தான் அவர் கடவுள் என்கிறார். கடவுளைத் தவிர வேறு பொருள் இல்லை என்பது 14-ஆம் கூற்று. இயற்கையில் தற்செயல் என்று எதுவுமே இல்லை என்பது 29-ஆம் கூற்று. பதினைந்து படிதான் தூரம். நீங்கள் 14-இல் இறங்கிக்கொள்ள நினைக்கிறீர்கள். வண்டி அங்கே நிற்காது.

ஏன் நிற்காது? ஒன்று வேறாகவும் நடந்திருக்கலாம் என்று நாம் எப்போது சொல்கிறோம் என்று யோசியுங்கள். மேசை மேல் இருக்கும் இந்தப் பேனா தரையில் கிடந்திருக்கலாம் என்கிறோம். எப்படி? யாராவது கை தட்டிவிட்டிருந்தால். பேனாவுக்கு வெளியே ஒரு கை இருப்பதால்தான் அந்த ‘இருந்தால்’ பொருள்படுகிறது. இருப்பது ஒரே பொருள், மற்றதெல்லாம் அதன் நிலைகள் என்று ஆகிவிட்டால், அந்தப் பொருளைத் தட்டிவிட எந்தக் கையும் வெளியே இல்லை. தடுக்கவும் ஆளில்லை, திருப்பவும் ஆளில்லை. அதன் இயல்பிலிருந்து எது வர வேண்டுமோ அது வரும். முக்கோணத்தின் இயல்பிலிருந்து அதன் மூன்று கோணங்களும் சேர்ந்து இரண்டு செங்கோணம் என்பது வருவது போல வரும் என்கிறார். முக்கோணம் அதைத் தேர்ந்தெடுப்பதில்லை.

சரி, வெளியே யாரும் இல்லாவிட்டாலும் அந்த ஒரே பொருள் தனக்குள்ளேயே இதுவா அதுவா என்று தேர்ந்தெடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 33-ஆம் கூற்றின் பதில் அதற்கென்றே எழுதியது போல இருக்கிறது. உலகம் ஒரு மணல் துகள் அளவுக்கு வேறாக இருந்திருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். உலகம் கடவுளின் இயல்பிலிருந்து வருகிறது. வந்தது வேறு என்றால் அந்த இயல்பும் வேறாக இருந்திருக்க வேண்டும். ஆனால், கடவுள் என்பது இல்லாமல் இருக்கவே முடியாத ஒன்று. அந்த வேறு இயல்பும் கடவுளின் இயல்பாக இருக்க முடியும் என்றால், அதுவும் இல்லாமல் இருக்க முடியாது. ஆக, இரண்டு கடவுள்கள். ஒன்றே என்று தொடங்கியவர் இரண்டில் வந்து நிற்கிறார். ஒரு மணல் துகளுக்குச் சலுகை கொடுத்தால் உங்களுக்குப் பிடித்த அந்த ஒருமையே உடைகிறது.

இதை வெறும் காரண காரிய விதியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். வரிசையாக நிறுத்திய கட்டைகளில் முதல் கட்டை விழுந்தால் கடைசிக் கட்டை விழுந்தே தீரும். அது காரண காரியம். ஆனால், கட்டைகளை வேறு மாதிரி அடுக்கியிருக்கலாம் என்ற இடம் அங்கே மிச்சம் இருக்கிறது. ஸ்பினோசாவிடம் அந்த இடமும் இல்லை, ஏனென்றால் அடுக்கியவர் என்று தனியாக ஒருவர் இல்லை. அதனாலேயே இது தலைவிதியும் அல்ல. தலைவிதி என்றால் எழுதிய ஒருவர் வேண்டும், எழுதியதற்கு ஒரு நோக்கமும் வேண்டும். இரண்டையும் அவர் மறுக்கிறார்.

முதல் பகுதியின் பின்னுரையில் ஒரு காட்சி வருகிறது. கூரையிலிருந்து கல் விழுந்து ஒருவர் இறந்துபோகிறார். காற்று அடித்தது, அவர் அந்த வழியாக நடந்துகொண்டிருந்தார், அவ்வளவுதான் என்கிறோம். ஏன் அப்போது காற்று அடித்தது? முந்தைய நாளே கடல் கொந்தளிக்கத் தொடங்கியிருந்தது. அவர் ஏன் அந்த வழியாக வந்தார்? நண்பர் அழைத்திருந்தார். ஏன் அழைத்தார்? இப்படிக் கேட்டுக்கொண்டே போகலாம். ஓரிடத்தில் நமக்குப் பதில் தெரியாமல் போகும். தெரியாத அந்த இடத்துக்கு ஒருவர் கடவுளின் சித்தம் என்று பெயர் வைக்கிறார், இன்னொருவர் தற்செயல் என்கிறார். இரண்டு பெயருக்கும் அடியில் இருப்பது நம் அறியாமைதான்.

இங்கே ஒரு சந்தேகத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்தக் கல் நேராகக் கடவுளின் இயல்பிலிருந்து வரவில்லை. காற்றிலிருந்து வந்தது, காற்று கடலிலிருந்து வந்தது. அந்த ஒரே பொருளின் ஒவ்வொரு சிறு நிலைக்கும் இன்னொரு சிறு நிலை காரணம், சங்கிலிக்கு முடிவே இல்லை என்கிறது 28-ஆம் கூற்று. அப்படியானால் அந்த முழுச் சங்கிலியும் வேறொன்றாக இருந்திருக்கலாம் அல்லவா? இதைப் பிடித்துக்கொண்டு இன்றும் அறிஞர்கள் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். முழுச் சங்கிலியும் அந்த ஒரே பொருளில்தானே இருக்கிறது, வேறு சங்கிலி எங்கிருந்து வரும் என்பது என் வாசிப்பு. 33-ஆம் கூற்றும் அதையே சொல்கிறது.

அப்புறம், நம்முடைய தேர்வு. இந்த வாரம் மேசையில் இரண்டு கடிதங்கள் இருந்தன, நான் உங்களுடையதை எடுத்தேன். எடுக்கும்போது முழுச் சுதந்திரத்தோடுதான் எடுத்ததாகத் தோன்றியது. பிறகு யோசித்துப் பார்த்தேன். மற்றது ஒன்பது பக்கம், பொடி எழுத்து, என் கண் களைத்திருந்தது. உங்கள் கேள்வியோ பல நாளாக எனக்குள் ஓடிக்கொண்டிருந்த ஒன்று. நான் கண்டுபிடித்தவை இவ்வளவு, கண்டுபிடிக்காதவை எவ்வளவோ. 1674-இல் ஷூலர் என்பவருக்கு எழுதிய கடிதத்தில், எறியப்பட்ட கல்லுக்குப் போகிற வழியில் நினைவு வந்தால் தானே விரும்பிப் பறப்பதாகத்தான் நம்பும் என்கிறார் ஸ்பினோசா. நம் விருப்பம் நமக்குத் தெரிகிறது, அந்த விருப்பத்தின் காரணம் தெரிவதில்லை. அந்த இடைவெளிக்குத்தான் சுதந்திரம் என்று பேர் வைத்திருக்கிறோம். அவரும் கடைசிப் பகுதியில் சுதந்திரம் பற்றிப் பேசுகிறார், ஆனால் அது தேர்வு அல்ல. காரணங்களைப் புரிந்துகொண்டு, வெளியிலிருந்து வருபவை நம்மை இழுப்பதைக் குறைத்துக்கொள்வது. அதில்கூட ‘வேறாகச் செய்திருக்கலாம்’ என்பதற்கு இடம் கிடையாது.

இதெல்லாம் உங்களுக்கு ஒப்பவில்லை என்றால் 29-ஆம் கூற்றில் மல்லுக்கட்டிப் பயனில்லை, அஸ்திவாரத்தில் கை வையுங்கள். 1676-இல் ஸ்பினோசாவை நேரில் சந்தித்த ஜெர்மன் தத்துவஞானி லைப்னிட்ஸ் பிறகு அதைத்தான் செய்தார். ஒரே அடிப்படைப் பண்பு உள்ள இரண்டு பொருள்கள் இருக்க முடியாது என்கிறது 5-ஆம் கூற்று. ஏன் முடியாது, ஒரு பண்பு பொதுவாகவும் இன்னொன்று தனித்தனியாகவும் இருக்கலாமே என்று கேட்டார் அவர். நல்ல அடி. ஆனால், அது விழுந்தால் முதலில் போவது நீங்கள் வைத்துக்கொள்ள நினைக்கும் ஒருமைதான்.

அதற்கும் அடியில் இன்னொன்று இருக்கிறது. எது இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்கு ஒரு காரணம் இருந்தே ஆக வேண்டும் என்று 11-ஆம் கூற்றின் நிரூபணத்தில் ஸ்பினோசா எழுதுகிறார். நான் அவரோடு சண்டை போடுவது அங்கேதான். ஏன் என்று கேட்டால் எந்தப் பதிலும் இல்லாத ஒன்று உலகத்தில் இருக்கலாம் என்று நினைக்கிறேன், நிரூபிக்க எனக்குத் தெரியவில்லை. நீங்கள் அதை ஒப்புக்கொள்வீர்களா? எழுதுங்கள்.