கிரிப்டோ அட்டையைத் தேய்த்தால் கடைக்காரருக்கு எப்படி உடனே ரூபாய் வருகிறது?

"யாழ்ப்பாணத்தில் புடவைக்கடை வைத்திருக்கிறேன். ஜெர்மனியிலிருந்து வந்த ஒருவர் பிட்கொயின் அட்டையால் 30,000 ரூபாய் கட்டினார். எனக்கு ரூபாய்தான் வந்தது. இடையில் என்ன நடந்தது?"

உங்கள் கடைக்கு பிட்கொயின் வரவே இல்லை. உங்கள் இயந்திரத்துக்கு அது வெறும் வெளிநாட்டு விசா அட்டை. அது 30,000 ரூபாய் என்ற கோரிக்கையை உங்கள் வங்கிக்கு அனுப்பியது. வங்கி விசா வழியாக அட்டை வழங்கிய நிறுவனத்திடம் கேட்டது. அந்த நிறுவனம் ரூபாய்க்கு ஈடான யூரோவைக் கணக்கிட்டு, அவ்வளவுக்கான பிட்கொயினை அவர் கணக்கில் கழித்துவிட்டு "சரி" என்றது. எல்லாம் சில விநாடிகளில் முடிந்துவிடும்.

பிட்கொயின் பரிமாற்றம் உறுதிப்படவே சராசரியாகச் சுமார் 10 நிமிடம் ஆகுமே என்று கேட்பீர்கள். அந்தப் பரிமாற்றங்கள் பதிவாகும் பொதுப் பேரேடுதான் பிளொக்செயின். இங்கே அது அசையவே இல்லை. நாணயம் முன்பே நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தது. மாறியது அவர்களுடைய பேரேட்டின் ஒரு வரி மட்டுமே. உங்களுக்கும் அந்த விநாடியில் கிடைத்தது ஒப்புதல்தான். பணம் வழக்கமான அட்டைக் கணக்குத் தீர்வில், வங்கிக் கழிவு போகப் பின்னர் வந்திருக்கும்.

விலை ஏறி இறங்கும் கவலை உங்களுக்கு இல்லை. மாற்றுச் செலவும் அவருடையதே.

புடவையைத் திருப்பித் தந்தால் மட்டும் கவனம். அதே அட்டைக்கே திருப்புங்கள், கையில் காசு கொடுக்காதீர்கள். பொதுவாக அவருக்கு யூரோதான் திரும்பும், விற்ற பிட்கொயின் அல்ல. இடையில் விலை ஏறியிருந்தால் முகம் சுளிப்பார். அது உங்கள் கணக்கு அல்ல.