தலைப்பில்லாத கொப்பிப் பாட்டு: ‘கௌரவ வாளி’ எந்தக் கூத்தில் வருகிறது?

கேள்வி: படுவான்கரையில் எங்கட அம்மப்பாவின் பழைய பெட்டிக்குள்ளே ஒற்றை றூல் கொப்பி ஒன்று கிடந்தது. அட்டையும் இல்லை, பேரும் இல்லை. ஒரு பக்கத்தில் இருந்ததை அப்படியே எழுதி அனுப்புகிறேன். இது சினிமாப் பாட்டா, கோயில் பாட்டா, கூத்தா? ‘கௌரவ வாளி’ என்றால் என்ன? எங்கே தேடுவது?

“வி நிலலுமநதத தெர நிறுததும சலலியனெ கெளும விலலெடுததுப பாரததனுமெ வெகுணடெதிரதது வாரான கொலலவெனறு நானெடுதத கௌரவ வாளி சொலலிவைததுக களுததினிலெ தொடுதது விடடென பாரீர

த மாரபிலெ தொடு மெனறெனெ மனனா நீர மாறியெ தொடுததது மெனொ 2”

பதில்:

இது கூத்துப் பாட்டு. மகாபாரதப் போரின் 17ஆம் நாளில், கர்ணன் விழுவதற்குச் சற்று முன்னர் வரும் இடம். முதல் நான்கு அடிகள் கர்ணனின் விருத்தம், அடுத்தது சல்லியன் தாளத்தோடு பாடும் தரு. நமது பக்கத்தில் ‘பதினேழாம் போர்’ என்று ஆடப்படும் வடமோடிக் கூத்தில்தான் முதலில் தேட வேண்டும். இந்த முடிவுக்கு வந்த வழியைச் சொன்னால், கொப்பியின் மற்றப் பக்கங்களையும் நீங்களே பிரித்துக்கொள்வீர்கள்.

ஓரத்தில் இருக்கும் ஒற்றை எழுத்துகளை முதலில் பாருங்கள். ‘வி’ என்றால் விருத்தம், ‘த’ என்றால் தரு. சில கொப்பிகளில் ‘வ’ என்றும் வரும், அது வசனம். கடைசியில் நிற்கும் ‘2’ பக்க எண் அல்ல, அந்த அடியை இரண்டு முறை படிக்க வேண்டும் என்ற குறிப்பு. சினிமாப் பாட்டை எழுதி வைத்தவர் பல்லவி, சரணம் என்று பிரித்திருப்பார், அல்லது ஒன்றுமே குறிக்காமல் விட்டிருப்பார். விருத்தத்துக்கு அடுத்தே தரு வந்து, பேசுகிற ஆளும் மாறினால் அது கூத்துக் கொப்பி. பாண்டிருப்பு போன்ற திரௌபதை அம்மன் கோயில்களின் பாரதப் படிப்பு ஏட்டிலிருந்து எடுத்ததாக இருக்குமோ என்ற ஐயமும் வரலாம். படிப்புக்கு எழுதிய செய்யுளில் கவிஞர்தான் கதையைச் சொல்லிக்கொண்டு போவார். ‘கேளும்’, ‘பாரீர்’ என்று பாத்திரங்கள் மாறி மாறி நேரே பேசுவதும், நடுவில் தரு நுழைவதும் ஆட்டத்துக்காக எழுதியதன் அடையாளம்.

அடுத்த வேலை எழுத்தைச் சரிப்படுத்துவது. கொப்பியில் கை வைக்காதீர்கள். வேறொரு தாளில், பிழை என்று தெரிந்ததையும் சேர்த்து உள்ளதை உள்ளபடி பிரதி எடுத்து, அதன் கீழே திருத்தி எழுதுங்கள். மை மங்கிய இடத்தில் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும்படி வைத்துப் படம் எடுத்தால், பேனை அழுத்திய தடமாவது தெரியும். உங்கள் பக்கத்தில் புள்ளி ஒன்றுகூட இல்லை. தெர, கெளும, விடடென என்று ஏகாரமும் எகரமும் ஒரே கொம்பில் நிற்கின்றன. இது படிப்பறிவில்லாதவர் எழுத்து என்று நினைத்துவிட வேண்டாம். ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் ஏட்டில் புள்ளி இடுவதில்லை, எகர ஏகார வேறுபாடும் காட்டுவதில்லை. ஏட்டையோ, ஏட்டைப் பார்த்து எழுதிய கொப்பியையோ பார்த்து எழுதியவர்களின் கையில் அந்தப் பழக்கம் அப்படியே வந்துவிட்டது. ‘களுத்து’ வேறு வகை. அது காதால் கேட்டு எழுதிய பிழை. இரண்டு வகையும் ஒரே பக்கத்தில் இருப்பதால், எழுதியவர் ஏட்டுப் பழக்கம் உள்ளவர், ஆனால் சிலதை வாயால் சொல்லக் கேட்டு எழுதியிருக்கிறார் என்று கொள்ளலாம்.

இனி அடி பிரிக்க வேண்டும். தாளை மிச்சம் பிடிக்க எல்லாவற்றையும் ஓட்டமாக எழுதியிருப்பதால், அடி எங்கே முடிகிறது என்பதை எதுகைதான் காட்டும். விருத்தத்தில் நான்கு அடிகளின் முதற்சொல்லிலும் இரண்டாம் எழுத்து ஒன்றாக வரும். ‘நில்லு’ என்று தொடங்குகிறது, ஆகவே ல்ல வரும் சொற்களைத் தேடுங்கள். சல்லியனே, வில்லெடுத்து, கொல்ல, சொல்லி என்று நான்கு அகப்படும். இதில் சல்லியனே ஒரு பொறி. அங்கே அடியை வெட்டினால் முதலடியும் அடுத்த அடியும் இரண்டிரண்டு சீரில் முடியும், மற்றவை நான்கு சீராக நிற்கும். அதைத் தள்ளிவிட்டுப் பிரித்தால் இப்படி வருகிறது:

நில்லுமந்தத் தேர்நிறுத்தும் சல்லியனே கேளும்
வில்லெடுத்துப் பார்த்தனுமே வெகுண்டெதிர்த்து வாறான்
கொல்லவென்று நானெடுத்த கோளரவ வாளி
சொல்லிவைத்துக் கழுத்தினிலே தொடுத்துவிட்டேன் பாரீர்

அடிக்கு நான்கு சீர். முதல் மூன்று சீரும் மூன்று மூன்று அசை, கடைசிச் சீர் இரண்டு அசை. மெதுவாக வாய்விட்டுப் படித்தால் இலக்கணம் தெரியாதவர்களுக்கும் அந்த ஒழுங்கு காதில் விழும். உங்களைக் குழப்பிய சொல்லையும் இந்த ஒழுங்குதான் அவிழ்க்கிறது. நில்/லுமந்/தத், தேர்/நிறுத்/தும், கொல்/லவென்/று, நா/னெடுத்/த என்று போய்க்கொண்டிருக்கும் இடத்தில் ‘கௌரவ’ என்று வைத்தால் கௌ/ரவ என்று இரண்டே அசை, அடி நொண்டுகிறது. அங்கே மூன்று அசைச் சொல் ஒன்று இருந்திருக்க வேண்டும். கொம்பு, க, கால், ள, ர, வ என்று எழுதியதில் கால் மங்கிப்போனால் கண்ணுக்குக் ‘கௌரவ’ என்றுதான் படும். காலைத் திரும்பப் போட்டு, கொம்பை நெடிலாக வாசித்தால் கோ/ளர/வ. கோள் அரவம் என்றால் கொல்லும் பாம்பு. வாளி என்பது அம்பு, கிணற்றடி வாளி அல்ல. ஆக இது நாகாஸ்திரம். கொப்பியின் அந்த இடத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள், க-வுக்கும் ள-வுக்கும் நடுவே காலின் கீற்று மிஞ்சியிருக்கலாம், இல்லாவிட்டால் அந்த இடைவெளியாவது கொஞ்சம் அகலமாக இருக்கலாம்.

‘வாரான’ என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. எழுத்துத் தமிழில் வாரான் என்றால் வரமாட்டான். பார்த்தன் வெகுண்டு எதிர்த்து வரமாட்டான் என்று கர்ணன் சொல்ல நியாயம் இல்லை. நமது பேச்சில் உள்ள ‘வாறான்’ அது, றகரம் ரகரமாகிவிட்டது. அசை இரண்டுக்கும் ஒன்றுதான் என்பதால் இங்கே யாப்பு உதவாது, கதைதான் தீர்க்க வேண்டும்.

தருவைப் பிரிப்பது எளிது. “மார்பிலே தொடும் என்றேனே மன்னா, நீர் மாறியே தொடுத்ததும் ஏனோ.” பிரித்து எழுதியிருக்கும் இடங்களை நம்பாதீர்கள். ‘தொடு மென்றேனே’, ‘தொடுத்தது மேனோ’ என்பவை பாடும்போது மூச்சு விடும் இடத்துக்கு ஏற்பப் பிரிந்தவை.

இப்போது கதை. பாட்டில் யாரை விளித்திருக்கிறது என்பதுதான் நல்ல பிடி. சல்லியனைத் தேரோட்டியாக விளிக்கக்கூடிய நாள் பாரதப் போரில் ஒன்றே ஒன்று, 17ஆம் நாள். 18ஆம் நாளில் அவன் கௌரவர் படைக்கே சேனாபதி, யாருக்கும் தேர் விடவில்லை. ஆகவே ‘சல்லியா’ என்று வரும் பக்கம் கிடைத்தால், அவனைத் தேர் விடச் சொல்கிறார்களா, படை நடத்தச் சொல்கிறார்களா என்று பாருங்கள். முன்னது பதினேழாம் போர், பின்னது பதினெட்டாம் போர். கர்ணன் ‘நிறுத்தும், கேளும்’ என்று மரியாதையாகப் பேசுவதும் பொருந்துகிறது. சல்லியன் சாரதியாக இருந்தாலும் மத்திர நாட்டு அரசன். மார்பில் தொடு என்று சல்லியன் சொல்லியும் கர்ணன் பார்த்தனின் கழுத்துக்குக் குறி வைக்கிறான், கண்ணன் தேரை அழுத்த அம்பு முடியைத்தான் கொண்டுபோகிறது. உங்கள் விருத்தத்தில் கழுத்து, தருவில் மார்பு. இரண்டும் சேர்ந்து அந்த இடத்தைக் காட்டிவிடுகின்றன.

கொப்பி எப்படிப்பட்டது என்பதற்கும் இந்தப் பக்கத்திலேயே ஒரு தடயம் இருக்கிறது. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் சட்டம் கொடுக்கும்போது, அதாவது ஆடுவோருக்குப் பாட்டுகளைப் பங்கிட்டுக் கொடுக்கும்போது, ஒருவர் தனக்குரிய பாட்டுகளை மட்டும் எழுதிக்கொண்டிருந்தால் கர்ணன் பாட்டு மட்டுமே இருக்க வேண்டும். இங்கே கர்ணனும் சல்லியனும் அடுத்தடுத்துப் பேசுகிறார்கள். ஆகவே இது முழுக் கூத்தின் பிரதியாக, அல்லது களரியில் கொப்பி பார்த்துச் சொல்லிக்கொடுத்தவரின் பிரதியாக இருக்க வாய்ப்பு அதிகம். முன்பின் பக்கங்களில் பாத்திரங்களின் வரவுப் பாட்டு இருக்கிறதா என்று பாருங்கள். ‘தா தெய்’ என்று தொடங்கும் வரிகள் கண்டால் பாட்டென்று பொருள் தேட வேண்டாம், அவை தாளக்கட்டு. ஆனால் அவற்றையும் எழுத்துத் தவறாமல் பிரதி எடுங்கள். எந்த மோடி என்று சொல்ல அண்ணாவியாருக்கு அதுதான் முதலில் தேவைப்படும்.

தாளில் கிடைக்காதது இராகம். விருத்தம் தாளத்தில் அடங்காமல் இழுத்துப் பாடுவது, அதன் போக்கைச் சீரிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. தருவுக்கு அடிநீளம் தெரிந்தாலும், ஒரே நீளத்தில் பல மெட்டுகள் உண்டு. பக்கத்தின் தலையிலோ ஓரத்திலோ ‘இன்ன பாட்டு மெட்டு’ என்று சின்னதாக எழுதியிருந்தால் அதை விட்டுவிடாதீர்கள், வேறு எங்கும் கிடைக்காத தகவல் அது.

தேடுவதற்கு noolaham.org தளத்தில் ஈழத்துக் கூத்து நூல்கள் பல இருக்கின்றன. ஆனால் பெரும்பாலானவை பக்கங்களைப் படமாக எடுத்தவை, பாட்டின் முதலடியைப் போட்டால் ஒன்றும் வராது. கூத்து, வடமோடி, கர்ணன் என்று தலைப்பால் தேடி, நூலைத் திறந்து சல்லியன் வரும் இடத்துக்குப் போக வேண்டும். அச்சில் அதே வரி கிடைக்காவிட்டாலும் உங்கள் முடிவு பிழை என்று ஆகாது. ஒரே கதைக்கு ஊருக்கு ஊர் பாடம் வேறு. அச்சு நூலைப் பார்த்து உங்கள் கொப்பியின் சொல்லை மாற்றவும் கூடாது, பக்கத்தில் குறித்து வையுங்கள்.

ஊரிலோ பக்கத்து ஊரிலோ பதினேழாம் போர் ஆடிய அண்ணாவியார் ஒருவரிடம் போகும்போது, “இது எந்தப் பாட்டு?” என்று முழுவதையும் நீட்டாதீர்கள். தருவின் “மார்பிலே தொடும் என்றேனே மன்னா” வரை மட்டும் படித்துவிட்டு நிறுத்துங்கள். அவர் மிச்சத்தைத் தாமாகப் பாடினால் கூத்தும் மெட்டும் ஒருங்கே உறுதி. அவர் வேறு சொல்லில் முடித்தால் அது அவருடைய ஊர்ப் பாடம், ஊர்ப் பெயரோடு எழுதிக்கொள்ளுங்கள். ஒலிப்பதிவு செய்ய அனுமதி கேட்டு, விருத்தத்தை ஒரு முறையும் தருவை மத்தளத்தோடு இரண்டு முறையும் பாடச் சொல்லுங்கள். முதல் முறை ஒற்றைக் குரலில், மறுமுறை பிற்பாட்டுக்காரரோடு.